மினிமம் வேஜ் ஏறுச்சு, இன்க்ரிமென்ட்டும் குடுத்தாச்சு: நடு வருஷத்துல ஒரு சம்பள பட்ஜெட்ட திருத்தின கதை

## பின்னணி

இது நான் சம்பள பட்ஜெட் பாத்துக்கிட்ட ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்துல நடந்தது. ஆளுங்க பேர், கம்பெனி பேர் எதுவும் போடல. தொகைகள முழு எண்ணா எழுதியிருக்கேன், எந்த நாட்டு பணமா வேணும்னாலும் நினைச்சுக்கோங்க, கணக்கோட அமைப்பு அதேதான்.

மொத்தம் 142 பேர், அஞ்சு கிரேடு. கிரேடு 1 பேக்கிங், சுமைவேலை பாக்குறவங்க, 60 பேர். கிரேடு 2 மெஷின் ஆபரேட்டர்கள், 40 பேர். கிரேடு 3 லைன் லீடர்கள் 25 பேர், அதுக்கு மேல சூப்பர்வைசர் 12, மேனேஜர் 5. மாச சம்பள மொத்தம் 18,54,200.

அப்ப சட்டப்படி குறைந்தபட்ச சம்பளம் 10,000. கிரேடு 1-ல 24 பேர் சரியா அந்த கோட்டு மேலயே நின்னாங்க, 20 பேர் 10,400, 16 பேர் 10,800. கிரேடு 2-ல 16 பேர் 11,000, 14 பேர் 11,600, 10 பேர் 12,400. கிரேடு 3 ஆரம்பமே 13,000. இந்த ஏணிய மனசுல வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இதுதான் வரும்.

அந்த வருஷ பட்ஜெட்ல எல்லா கிரேடுக்கும் 4வது மாசத்துலேருந்து 5 சதவீதம் இன்க்ரிமென்ட்னு போட்டு ஒப்புதல் வாங்கியாச்சு. எதிர்பாராத சம்பள செலவுக்குன்னு தனியா 2,60,000 ஒதுக்கீடு இருந்துச்சு. சம்பளத்துக்கு மேல நிறுவனம் கட்ட வேண்டிய சட்டப்பூர்வ பங்களிப்பெல்லாம் சேத்து எங்களுக்கு 16 சதவீதம் கிட்ட வரும்.

## அறிவிப்பு வந்தப்போ

3வது மாசம் மூணாவது வாரத்துல அறிவிப்பு வந்துச்சு. குறைந்தபட்ச சம்பளம் 10,000-லேருந்து 11,200, அதாவது 12 சதவீதம், 7வது மாசம் ஒண்ணாம் தேதிலேருந்து அமல். இன்க்ரிமென்ட் கடிதம் அடிச்சு கையெழுத்துக்கு மேஜைல இருக்கு, இன்னும் குடுக்கல.

அன்னைக்கு சாயங்காலமே ஃபைனான்ஸ்லேருந்து ஒரு ஷீட் வந்துச்சு. கிரேடு 1 மொத்தத்த எடுத்து, 5 சதவீதம் ஏத்தி, 7வது மாசத்துலேருந்து அதுக்கு மேல 1.12-ஆல பெருக்கியிருந்தாங்க. மாசத்துக்கு 78,200 கூடுதல், ஆறு மாசத்துக்கு 4.69 லட்சம், பங்களிப்பு தனி. பாத்த உடனே எல்லாருக்கும் பகீர்னு ஆச்சு.

இந்த கணக்கு தப்பு. ஏன்னா குறைந்தபட்ச சம்பளம் 12 சதவீதம் ஏறுதுன்னா ஒவ்வொருத்தர் சம்பளமும் 12 சதவீதம் ஏறணும்னு அர்த்தம் இல்ல, கோடுதான் மேல போகுது, கோட்டுக்கு கீழ நிக்கிறவங்கள கோடு வரைக்கும் தூக்கணும், சட்டம் கேக்குறது அவ்வளவுதான். 4வது மாச இன்க்ரிமென்ட்டுக்கு அப்புறம் 10,000-ல இருந்தவர் 10,500 ஆயிடுவார், அவருக்கு குறையுறது 700. 10,400-ல இருந்தவர் 10,920, குறையுறது 280. 10,800-ல இருந்தவர் 11,340, கோட்ட ஏற்கனவே தாண்டிட்டார். 24 பேருக்கு 700, 20 பேருக்கு 280, கூட்டினா மாசத்துக்கு 22,400. ஷீட்ல இருந்ததுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல.

அந்த ஷீட்ல தொகைய விட மோசமான ஒரு விஷயம் உள்ள இருந்துச்சு. 11,340-ஐ 1.12-ஆல பெருக்கினா 12,700. அதே சமயம் கிரேடு 2-ல ஆரம்ப ஆபரேட்டர் 11,550-ல நிப்பார். பேக்கிங்ல இருக்கறவர் மெஷின் ஓட்டுறவர விட ஆயிரத்து நூறு கூட வாங்குவார். கிரேடு மொத்தத்துல பெருக்கும்போது இது கண்ணுலயே படாது, ஆள் ஆளா போட்டாத்தான் தெரியும்.

## முதல் முடிவு: இன்க்ரிமென்ட்ட நிறுத்தலாமா?

அடுத்த நாள் மீட்டிங்ல ஒரு யோசனை வந்துச்சு: "கிரேடு 1-க்கு எப்படியும் 7வது மாசம் ஏறப்போகுது, அப்ப 4வது மாச இன்க்ரிமென்ட் எதுக்கு, அத நிறுத்திட்டா மூணு மாசத்துல 93,000 மிச்சம்." சொன்னவர் கெட்ட எண்ணத்துல சொல்லல, பட்ஜெட்ட காப்பாத்தறது அவர் வேலை. பல இடத்துல இப்படித்தான் செய்யறாங்க.

நான் ஷீட்ட திறந்து 10,800 வாங்குறவர் வரிய மட்டும் காட்டினேன். இன்க்ரிமென்ட் குடுத்தா அவருக்கு 540 ஏறும். நிறுத்திட்டா 7வது மாசம் சட்டம் அவர 11,200-க்கு தூக்கும், ஏறறது 400, அதுவும் மூணு மாசம் தள்ளி. அதாவது சட்டம் சம்பளத்த ஏத்தினதால அவர் வாங்கப்போற சம்பளம் குறையுது. அத விட முக்கியம், அன்னைக்கு காலைல புதுசா சேர்ற ஒருத்தரும் 11,200, அஞ்சாறு வருஷமா இருக்கறவரும் 11,200. அந்த அஞ்சு வருஷத்துக்கு சீட்டுல ஒரு காசு கூட தெரியாது.

இன்க்ரிமென்ட் கடிதம் அப்படியே போச்சு. அதுல ஒரு வரி மட்டும் சேத்தோம்: 7வது மாச சட்ட மாற்றம் தனியா கணக்கிடப்படும், விவரம் 6வது மாசம் சொல்லப்படும்னு. இந்த ஒரு வரி பின்னாடி நிறைய கேள்விய குறைச்சுது.

## கவனிச்சது: பட்டியல்ல ஒளிஞ்சிருந்த ஒன்பது பேர்

4வது மாச பேரோல் ஓடி முடிஞ்சதும் ஒரு பேக்கிங் பையன் வந்தான், நைட் ஷிஃப்ட்லேருந்து பகல் ஷிஃப்ட்டுக்கு மாறினவன். "சார், எல்லாருக்கும் ஏறுச்சு, எனக்கு ஏறவே இல்லையே"ன்னு பே ஸ்லிப்ப நீட்டுறான். போன மாச சீட்டுல ரெண்டு வரி: பேசிக் 10,300, ஷிஃப்ட் அலவன்ஸ் 500. இந்த மாசம் ஒரே வரி: பேசிக் 10,815. அவன் பார்வைல 10,800 வாங்கிட்டு இருந்தவன் இப்ப 10,815 வாங்குறான், பதினஞ்சுதான் ஏறியிருக்கு.

அவனுக்கு விளக்கம் சொல்லி அனுப்பிட்டு உக்காந்தப்பதான் எனக்கு உறைச்சுது. நான் பட்ஜெட்டுக்கு எடுத்த பட்டியல்ல இவன் 10,800 வரிசைல இருந்தான், இன்க்ரிமென்ட்டுக்கு அப்புறம் கோட்ட தாண்டினவன்னு கணக்கு வெச்சிருந்தேன். ஷீட்ல நான் எடுத்தது மாச வருமான நெடுவரிசை, பேசிக் நெடுவரிசை இல்ல.

அறிவிப்ப மறுபடி படிச்சோம். எங்களுக்கு பொருந்துற விதிப்படி ஷிஃப்ட் அலவன்ஸ் குறைந்தபட்ச சம்பள கணக்குல சேராது. இது இடத்துக்கு இடம் மாறும், எந்த படி சேரும் எது சேராதுன்னு அந்தந்த சட்டத்துலயே வரையறை இருக்கும், ஓவர்டைம் பணம் பெரும்பாலும் சேராது. ஆனா சட்டம் அனுமதிச்சாலுமே ஷிஃப்ட் மாறினா போயிடற பணத்த நம்பி ஒருத்தர் கோட்டுக்கு மேல இருக்கார்னு எழுதறது ஆபத்து, அந்த பையன் சீட்டே அதுக்கு சாட்சி.

பேசிக் நெடுவரிசைய வெச்சு திரும்ப ஓட்டினேன். 16 பேர்ல 9 பேர் இப்படி. அவங்க உண்மைல 10,815-ல நிக்கிறாங்க, ஆளுக்கு 385 குறையுது. சட்டப்படி குறைந்தபட்ச கூடுதல் 22,400 இல்ல, 25,865. தொகை சின்னதுதான், ஆனா கவனிக்காம விட்டிருந்தா 7வது மாசம் ஒன்பது பேருக்கு சட்டத்துக்கு கீழ சம்பளம் போயிருக்கும், அது பட்ஜெட் பிரச்சனை இல்ல, சட்ட மீறல்.

## ரெண்டாவது முடிவு: இடைவெளி

சட்டம் கேக்குறத மட்டும் செஞ்சா ஆறு மாசத்துக்கு பங்களிப்போட 1.80 லட்சம். ஒதுக்கீட்டுக்குள்ள அடங்கிடுது. ஃபைனான்ஸ் ஹெட் இதோட முடிச்சுக்கலாம்னார்.

அந்த வாரம்தான் ஒரு ஆபரேட்டர் அக்கா என்ன மெஷின் பக்கத்துல நிறுத்தி கேட்டாங்க. "தம்பி, கிரேடு 2 டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணி வந்தேன், அப்ப பேக்கிங்க விட ஆயிரம் கூட. இப்ப எவ்வளவு கூட இருக்கும்?" எனக்கு பதில் தெரியும். அவங்க 11,550, புதுசா வர்ற பேக்கிங் ஆள் 11,200. முன்னூத்தம்பது. நான் சொல்லல, "பாத்துட்டு சொல்றேங்க்கா"ன்னு வந்துட்டேன். ஆனா மெஷின் பொறுப்பு, சேதமானா எழுத்துல விளக்கம், டெஸ்ட், இவ்வளவுக்கும் முன்னூத்தம்பதுன்னா அடுத்த வருஷம் யார் அந்த டெஸ்ட்ட எழுதுவா?

கிரேடு 1-க்கு உள்ளயும் அதே கதைதான். 10,000-க்கும் 10,800-க்கும் 800 இடைவெளி இருந்துச்சு, கோட்டுக்கு மட்டும் தூக்கினா 11,200-க்கும் 11,340-க்கும் 140. அடியில இருக்கறவங்க மேல வரும்போது நடுவுல இருக்கறவங்க நகரலன்னா சம்பளம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பட்ஜெட் ஷீட்ல இதுக்கு வரி கிடையாது, ஆள் வெளிய போகும்போதுதான் செலவா தெரியும்.

இன்னொரு எல்லை, கிரேடு 1, 2, 3 எல்லாரையும் 12 சதவீதத்துக்கு கொண்டு போய் ஏணிய அப்படியே காப்பாத்தறது. ஏற்கனவே 5 குடுத்தாச்சு, மீதி 7. மாசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல, ஆறு மாசத்துக்கு பங்களிப்போட 7 லட்சம். அந்த பணம் இல்ல. அதோட கிரேடு 3-ல 15,000 வாங்குறவருக்கு கோடு ஏறினதால நெருக்கடி எதுவும் வரல, அவருக்கு குடுக்க காரணமும் இல்ல.

நாங்க எடுத்தது நடுவழி. அடியில இருக்கறவருக்கு முழு 700, மேல போகப் போக குறைஞ்சு ஒரு இடத்துல பூஜ்யம். அந்த இடத்த 13,300-ன்னு வெச்சோம், ஏன்னா கிரேடு 2 உச்சத்துல இருக்கறவர் 13,020, கிரேடு 3 ஆரம்பம் 13,650, ரெண்டுக்கும் நடுவுல விழுது. 10,500-லேருந்து 13,300 வரைக்கும் தூரம் 2,800. 700-ங்கறது அதுல கால் பங்கு. அப்ப விதி ரொம்ப எளிமையா ஆயிடுது: உங்க இன்க்ரிமென்ட்டுக்கு அப்புறமான பேசிக் 13,300-க்கு எவ்வளவு தூரத்துல இருக்கோ அதுல கால் பங்கு உங்களுக்கு கூடுதல்.

```
=MAX($J$1, E2 + MAX(0, $J$2-E2)/4)
```

`E2` இன்க்ரிமென்ட்டுக்கு அப்புறமான பேசிக், `$J$1` புது குறைந்தபட்சம் 11,200, `$J$2` 13,300. வெளில இருக்கற `MAX` ஒரு பாதுகாப்பு, எவ்வளவு கீழ இருந்தாலும் 11,200-க்கு குறைய விடாது.

இப்படி போட்டதுல 10,920-ல இருந்தவர் 11,515, அந்த ஒன்பது பேர் 11,436, 11,340-ல இருந்தவர் 11,830. அந்த அக்கா 11,550-லேருந்து கிட்டத்தட்ட 11,990. பேக்கிங் ஆரம்பத்துக்கும் அவங்களுக்கும் இடைவெளி 790 கிட்ட. பழைய ஆயிரம் திரும்பல, ஆனா முன்னூத்தம்பதும் இல்ல. முக்கியமா யாரும் யாரையும் தாண்டல: கூடுதல் கால் பங்கு வேகத்துல குறையறதால முன்னாடி மேல இருந்தவர் பின்னாடியும் மேலதான் இருப்பார். இத ஃபார்முலாவ நம்பி விடல, பழைய சம்பளப்படி ஒரு வரிசை, புது சம்பளப்படி ஒரு வரிசை போட்டு ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு 100 பேருக்கும் ஒவ்வொரு வரியா பாத்தோம்.

மாசத்துக்கு 49,341. ஆறு மாசத்துக்கு பங்களிப்போட 3.43 லட்சம்.

## பணம் எங்கேருந்து

ஒதுக்கீடு 2.60 லட்சம், இன்னும் 83,000 வேணும். மேல் கிரேடு இன்க்ரிமென்ட் ஏற்கனவே போயாச்சு, அத தொடற பேச்சே இல்ல. காலி இடங்கள பாத்தோம். கிரேடு 3-ல ரெண்டு லைன் லீடர் இடம் 4வது மாசத்துலேருந்து நிரப்புறதா பட்ஜெட்ல இருந்துச்சு, ஆள் எடுக்கறது தள்ளிப்போய் 7வது மாசம்தான் சேர்றாங்கன்னு உறுதி ஆயிருந்துச்சு. ரெண்டு பேர், 13,000, மூணு மாசம், பங்களிப்போட 90,480. இது மிச்சம் பிடிக்க யாரையும் வெட்டினது இல்ல, செலவாகாமப் போன பணம், அதனால மனசாட்சியோட எடுத்து காட்ட முடிஞ்சுது. எல்லாம் போக கையில 7,000 கிட்ட மிச்சம்.

5வது மாச கடைசில மேனேஜ்மென்ட்டுக்கு மூணு கணக்கையும் ஒரே பக்கத்துல வெச்சோம். அதுல கிரேடு மொத்தம் எதுவும் போடல, ஆறு ஆளோட வரிய மட்டும் பேர் இல்லாம போட்டு, முன்னாடி இவ்வளவு, மூணு வழியிலயும் பின்னாடி இவ்வளவுன்னு காட்டினோம். புதுசா வர்றவரும் ஆறு வருஷ ஆளும் பக்கத்துல பக்கத்துல நின்னதுதான் முடிவ நகர்த்துச்சுன்னு நான் நம்பறேன். பத்து நிமிஷத்துல நடுவழிக்கு ஒப்புதல்.

## என்ன நடந்துச்சு

6வது மாசம் கடிதம் குடுத்தோம், ஒவ்வொருத்தருக்கும் மூணு தொகை: பழைய பேசிக், இன்க்ரிமென்ட்டுக்கு அப்புறம், 7வது மாசத்துலேருந்து. இன்க்ரிமென்ட்டையும் சட்ட உயர்வையும் ஒரே தொகையா கலக்கல. கலந்திருந்தா "இன்க்ரிமென்ட்ட விழுங்கிட்டாங்க"ன்னு பேச்சு வந்திருக்கும். கிரேடு 3-லேருந்து ரெண்டு மூணு பேர் எங்களுக்கு ஏன் இல்லன்னு கேட்டாங்க, 13,300 எப்படி வந்துச்சுன்னு காகிதத்துல போட்டு காட்டினோம், சந்தோஷமா போகல, ஆனா கணக்கு புரிஞ்சுதுன்னு சொன்னாங்க. அந்த அக்காகிட்ட நானே போய் சொன்னேன். "ஆயிரம் இல்ல, ஆனா பாத்தீங்களே தம்பி"ன்னாங்க.

7வது மாச சம்பளம் கணக்கோட சரியா ஒத்து வந்துச்சு. ஓவர்டைம் வரி ஒத்து வரல. எங்க ஓவர்டைம் விகிதம் பேசிக்க வெச்சு போடறது, பேசிக் ஏறினா அதுவும் தானா ஏறும். கிரேடு 1, 2-க்கு மாசம் 90,000 கிட்ட ஓவர்டைம் போகும், பட்ஜெட்ல அது தனி வரி, 5 சதவீதம் ஏத்தினதோட அங்க விட்டுட்டேன். 7வது மாச உயர்வு ரெண்டு கிரேடு மொத்தத்துல 4.36 சதவீதம், அப்ப ஓவர்டைம்லயும் மாசம் 3,900 கூடுதல், ஆறு மாசத்துக்கு 23,000 கிட்ட. மிச்சம் வெச்ச 7,000 போக 16,000 பற்றாக்குறை. இது முழுக்க என் தவறு, சம்பள வரிய பாத்த நான் சம்பளத்த அடிப்படையா வெச்சு ஓடற மத்த வரிகள பாக்கல. 8வது மாசமே எழுதி குடுத்துட்டேன், வருஷக் கடைசில வெளிப்பட விடல.

## அடுத்த தடவை மாத்தறது

முதல்ல, எந்த திருத்தமும் பேசிக் நெடுவரிசைலேருந்து, ஆள் ஆளாத்தான் ஆரம்பிக்கணும். கிரேடு சராசரில ஒரு பைசா கூட போடமாட்டேன். கிரேடு 1 பேசிக் சராசரி இன்க்ரிமென்ட்டுக்கு அப்புறம் 10,785. அத வெச்சு பாத்தா எல்லாரும் கோட்டுக்கு கீழ, ஆளுக்கு 415 குறையுதுன்னு சொல்லும். உண்மைல சிலருக்கு 700, சிலருக்கு ஒண்ணுமே இல்ல.

ரெண்டாவது, பேசிக்கோட கட்டுண்டு ஓடற வரிகளுக்கு ஒரு பட்டியல் இப்ப ஷீட்லயே இருக்கு: ஓவர்டைம், விடுப்பு பணமாக்கல், வேலைய விட்டுப் போகும்போது குடுக்கற தொகைக்கான ஒதுக்கீடு, பங்களிப்பு. சம்பளம் மாறினா இந்த நாலையும் தொடாம ஷீட்ட மூடறது இல்ல. ஆஃபர் லெட்டர் மாதிரில இருக்கற ஆரம்ப சம்பளத்தையும் அதுலயே சேத்தாச்சு, அது 10,000-ன்னே கிடந்துச்சு, 7வது மாசம் சேர வேண்டிய ஒருத்தருக்கு கடிதம் போறதுக்கு முந்தின நாள்தான் கண்ணுல பட்டுச்சு.

மூணாவது, அடுத்த வருஷ பட்ஜெட். இந்த வருஷம் 3.43 லட்சம் செலவாச்சு, ஆனா அது ஆறு மாச செலவு. அடுத்த வருஷம் 12 மாசமும் ஓடும், யாருக்கும் ஒரு பைசா ஏத்தாமலே இன்னொரு 3.43 லட்சம் கூடும். இந்த வருஷ மொத்த செலவ எடுத்து அதுக்கு மேல 5 சதவீதம் போட்டா பட்ஜெட் முதல் மாசமே குறையும். அதனால 12வது மாச பேரோல 12-ஆல பெருக்கி அடித்தளமா வெச்சு, அதுக்கு மேலதான் இன்க்ரிமென்ட் போட்டோம்.

13,300-ம் கால் பங்கும் இந்த வருஷ சம்பள அமைப்புக்கு வந்த எண், அப்படியே எடுத்து அடுத்த உயர்வுக்கு போடக்கூடாது. கோடு மறுபடி இதே அளவு ஏறினா பூஜ்யமாகற இடம் கிரேடு 3-க்குள்ள போயிடும், லைன் லீடர்களையும் சேக்க வேண்டி வரும், செலவு இந்த தடவை மாதிரி ஒதுக்கீட்டுல முடியாது. அதுக்காக அடுத்த வருஷ ஒதுக்கீட்ட 4 லட்சமா கேட்டோம், 3.5 குடுத்தாங்க, கூடவே கிரேடு 1-க்கும் 2-க்கும் நடுவுல குறைஞ்சது 800 இடைவெளி இருக்கணும்னு ஒரு வரி கொள்கைல ஏறுச்சு.